லைனா, சேர்வரா, நடுவில் யாரோவா: வயர்ஷார்க் பதிவைப் படிக்கும் முறை

"இன்டர்நெட் ஸ்லோ" என்று அழைப்பு வந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும். தரவுப் பக்கெட்டுகள் வழியில் தொலைந்து மறுபடி அனுப்பப்படுகின்றன. அல்லது யாரோ இணைப்பை வெட்டுகிறார்கள். அல்லது கேள்வி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் சொல்லத்தான் சேர்வர் நேரம் எடுக்கிறது. பாவிப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான். திரையில் வட்டம் சுற்றுகிறது.

கணினிக்குப் போய்வரும் பக்கெட்டுகளைப் பதிவு செய்து வரி வரியாகக் காட்டும் மென்பொருள் வயர்ஷார்க். அதில் மூன்றும் தனித்தனி மாதிரித் தெரியும். ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. மறு அனுப்பல்களை அது கறுப்புப் பின்னணியில் காட்டும், இணைப்பு வெட்டுகளைக் கருஞ்சிவப்பில் காட்டும். மெதுவான சேர்வருக்கு எந்த நிறமும் இல்லை. ஆறு நொடி வாய் மூடி இருந்த சேர்வரின் பதில், மற்ற எல்லா வரிகளையும் போலச் சாதாரணமாகத்தான் அங்கே கிடக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் கறுப்பைக் கண்டதும் "லைன் பிரச்சினை" என்று முடிவு கட்டுவது இதனால்தான். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு முதலில் நேரத்தைப் பார்க்கும் ஒரு முறையைச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு உப்புவெளியில் உள்ள ஒரு விருந்தினர் விடுதியை எடுத்துக்கொள்வோம். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை அங்கே சீசன். வரவேற்பு மேசையில் ஒரு விண்டோஸ் கணினி, அதில் அறைப் பதிவு மென்பொருள். அதன் சேர்வர் வெளிநாட்டில் இருக்கிறது. மேசையில் இருந்த தங்கச்சி சொன்ன முறைப்பாடு இதுதான்: "அண்ணா, சேவ் குடுத்தா சுத்திக்கொண்டே நிக்குது. சாப்பிட்டு வந்து பார்த்தா கனெக்ஷனே போயிருக்கு." லைன்காரர் தங்கள் பக்கம் சரி என்கிறார். மென்பொருள்காரர் உங்கள் லைனைப் பாருங்கள் என்கிறார். கீழே வரும் முகவரிகள் மாற்றப்பட்டவை.

பதிவு எடுப்பது

முறைப்பாடு வந்த கணினியிலேயே எடுங்கள். பக்கத்தில் இன்னொரு லேப்டொப்பை வைத்து எடுத்தால் மற்றக் கணினியின் பக்கெட்டுகள் அதற்கு வராது. விண்டோஸில் வயர்ஷார்க்கோடு `Npcap` என்பதும் சேர்ந்து நிறுவப்படும். அது இல்லாமல் பதிவு எடுக்க முடியாது. திறந்ததும் வரும் பட்டியலில் எந்த இடைமுகத்துக்குப் பக்கத்தில் கோடு துடிக்கிறதோ அதுதான் வேலை செய்கிற வைஃபை அல்லது கேபிள்.

சேர்வரின் முகவரி தெரியாவிட்டால், மென்பொருள் ஓடும்போது கட்டளைத் திரையில் `netstat -n` என்று அடித்தால் எந்த முகவரியோடு பேசுகிறது என்று தெரியும். அதை மட்டும் பதிவு செய்யச் சொல்லி, பதிவைத் தொடங்க முன் `capture filter` பெட்டியில் இதைக் கொடுங்கள்:

```
host 203.0.113.40
```

அப்புறம் மிக முக்கியமான ஒரு விஷயம். மென்பொருளை மூடிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள், பிறகு மென்பொருளைத் திறவுங்கள். இணைப்பின் முதல் மூன்று பக்கெட்டுகள் கட்டாயம் பதிவில் இருக்கவேண்டும். அவை இல்லாத பதிவை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது மிகக் கஷ்டம். பக்கத்தில் ஒரு தாளை வைத்து, சேவ் அழுத்திய ஒவ்வொரு தடவையும் மணி, நிமிடம், நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் எங்கே பார்ப்பது என்று பின்னர் அந்தத் தாள்தான் சொல்லும்.

பிரவுசரில் ஓடும் சேவையாக இருந்தால் ஒரு சிறு எச்சரிக்கை. இந்தக் கட்டுரை பேசுவது, ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஒப்புதல் பார்த்து அனுப்பும் டிசிபி முறையைப் பற்றி. இப்போது பல தளங்கள் அதை விட்டு யுடிபி மேல் ஓடும் குயிக் முறைக்குப் போய்விட்டன. பதிவில் `QUIC` என்று வரிகள் வந்தால் இங்கே சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது. சோதனைக்காக ஃபயர்வோலில் யுடிபி 443ஐ அடைத்தால் பிரவுசர் தானாகவே டிசிபிக்குத் திரும்பும்.

இரண்டு எண்களைக் குறித்துக்கொள்வது

பதிவின் தொடக்கத்தில் கணினி இணைப்புக் கேட்டு `SYN` அனுப்புகிறது, சேர்வர் `SYN, ACK` என்று பதில் தருகிறது. இந்தப் பதிலைத் தருவது சேர்வரின் இயங்குதளம். அறைப் பதிவு மென்பொருளோ அதன் தரவுத்தளமோ இதில் தலையிடுவதில்லை. அதனால் இந்த இரண்டு பக்கெட்டுக்கும் இடைப்பட்ட நேரம் கிட்டத்தட்ட முழுக்க வழியில் போய்வரும் நேரம்தான். விடுதியின் பதிவில் அது 48 மில்லி செக்கன். மூன்றாவது பக்கெட்டைத் தேர்ந்து கீழே `SEQ/ACK analysis` பகுதியை விரித்தால் வயர்ஷார்க்கே அதை `iRTT` என்ற பெயரில் கணக்கிட்டு வைத்திருக்கும்.

இரண்டாவது எண், அதே `SYN, ACK` பக்கெட்டின் ஐபி பகுதியில் உள்ள `Time to Live`, சுருக்கமாக டிடிஎல். வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் இதிலிருந்து ஒன்றைக் குறைக்கும். விடுதியில் அது 49. 64இல் தொடங்கியிருந்தால் சேர்வருக்கும் நமக்கும் இடையில் 15 ரவுட்டர்கள் என்று அர்த்தம்.

48, 49. இந்த இரண்டையும் தாளின் மேல் மூலையில் எழுதுங்கள். இனி வரும் எல்லாவற்றையும் இவற்றோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

மௌனத்தைத் தேடுவது

ஏதாவது ஒரு டிசிபி பக்கெட்டின் கீழ்ப்பகுதியில் `Timestamps` என்பதை விரித்து, `Time since previous frame in this TCP stream` என்ற வரியில் வலது கிளிக் செய்து `Apply as Column` கொடுங்கள். ஒவ்வொரு பக்கெட்டும் அதே இணைப்பின் முந்தைய பக்கெட்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று ஒரு நிரல் வரும். பிறகு மேலே உள்ள வடிகட்டியில்:

```
tcp.len > 0 && tcp.time_delta > 1
```

ஒரு நொடிக்கு மேல் மௌனம் இருந்து, அதன் பிறகு தரவு வந்த இடங்கள் மட்டும் மிஞ்சும். இப்போது `Source` நிரலைப் பாருங்கள். மௌனத்தைக் கலைத்தது நம் கணினி என்றால் பெரும்பாலும் அது மனிதர் யோசித்த நேரம். விருந்தினரிடம் பாஸ்போர்ட் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பொத்தானை அழுத்தியிருப்பார். அவற்றைத் தள்ளிவிடுங்கள். மௌனத்தைக் கலைத்தது சேர்வர் என்றால் அங்கே நிற்கவேண்டும்.

அந்தப் பக்கெட்டைத் தேர்ந்து, வலது கிளிக்கில் `Conversation Filter`, `TCP` என்று கொடுத்தால் அந்த ஒரு இணைப்பு மட்டும் முழுதாகத் தெரியும். விடுதியில் ஒரு சேவ் இப்படி இருந்தது:

```
Time       Source         Info
21.304118  192.168.1.23   Application Data
21.351902  203.0.113.40   443 → 51822 [ACK] Len=0
27.166377  203.0.113.40   Application Data
```

இந்த மூன்று வரிகளை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் முழு வழக்கும் இதற்குள் இருக்கிறது. முதல் வரியில் கணினி "இந்த அறையைப் பதிவு செய்" என்று கேட்கிறது. உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் அது நமக்குத் தெரியாது. தாளில் குறித்த நேரம் ஒத்துப்போவதால் அது சேவ் என்று அறிகிறோம். இரண்டாவது வரியில், 48 மில்லி செக்கனில், சேர்வரின் இயங்குதளம் "கிடைத்தது" என்கிறது. தொடக்கத்தில் குறித்த அதே 48. ஆகவே கேள்வி தொலையவில்லை, வழியில் தேங்கவும் இல்லை. பிறகு 5.8 நொடி ஒன்றும் இல்லை. அதன் பிறகு பதில்.

கேள்வி கிடைத்ததாக ஒப்புக்கொண்ட பிறகு வரும் மௌனம் லைனுக்குச் சொந்தமானது அல்ல. லைன் குற்றவாளியாக இருந்தால் இந்த இடைவெளியில் வேறு தடயம் இருக்கவேண்டும். கேள்வி தொலைந்தது என்றால் இரண்டாவது வரி வந்திருக்காது, நம் கணினி மறுபடி அனுப்பியிருக்கும். பதில் தொலைந்தது என்றால், சேர்வர் தானாக மறுபடி அனுப்பிய பிரதி நமக்கு வந்து சேர்ந்திருக்கும். இந்த இரண்டாவது வகை மட்டும் ஏமாற்றக்கூடியது. பதில் ஒரே ஒரு பக்கெட்டாக இருந்து அதுவும் தொலைந்தால், நாம் காண்பது மௌனமும் பிறகு வந்த பிரதியும் மட்டும்தான். முதலாவதை நம் பக்கம் யாரும் பார்க்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட இழப்பு சில நூறு மில்லி செக்கனில் சரியாகிவிடும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவில் வரும். ஒவ்வொரு சேவுக்கும் ஐந்து முதல் ஆறு நொடி, மற்றத் திரைகளுக்கு ஒன்றும் இல்லை என்றால், அது பக்கெட் இழப்பு அல்ல. அறைப் பட்டியலைத் திறந்த கேள்விகளுக்கு இதே இணைப்பில் 100 மில்லி செக்கனுக்குள் பதில் வந்திருந்தது. ஒரே வழி, ஒரே சேர்வர், ஒரு வேலை மட்டும் மெதுவு.

இரண்டாவது வரி எப்போதும் தனியாக வராது. சேர்வர் வேகமாகப் பதில் தந்தால் "கிடைத்தது" என்பதையும் பதிலோடு சேர்த்தே அனுப்பிவிடும். சில இயங்குதளங்கள் இதற்காகவே ஒப்புதலைக் கொஞ்சம் தாமதிக்கும். லினக்ஸில் 40 மில்லி செக்கன் அளவு, விண்டோஸில் 200 வரை போகலாம். ஆகவே 48க்குப் பதில் 90 என்று கண்டால் பதற வேண்டாம்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. 48 மில்லி செக்கனில் ஒப்புக்கொண்டது உண்மையான சேர்வரா, அதற்கு முன்னால் நின்று கேள்விகளைப் பல சேர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சுமை பகிர்வானா என்று இங்கிருந்து தெரியாது. "அந்த முகவரிக்கு அப்பால் 5.8 நொடி போனது" என்று மட்டும்தான் நாம் சொல்லலாம். அதற்குள் தரவுத்தளமா, வேறு சேவையா என்பதை அவர்கள்தான் பார்க்கவேண்டும்.

இப்போது கறுப்பு வரிகள்

விடுதியின் பதிவில் கறுப்பு வரிகள் தாராளமாக இருந்தன. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சேர்வரிலிருந்து வரும் ஒரு பக்கெட் தொலைந்தால், அடுத்து வருவதை வயர்ஷார்க் `Previous segment not captured` என்று குறிக்கும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு பக்கெட்டுக்கும் நம் கணினி "நடுவில் ஒன்று வரவில்லை" என்று ஒரு `Dup ACK` அனுப்பும். கடைசியில் தொலைந்தது மறுபடி வரும்போது அது `Retransmission`, `Fast Retransmission`, `Out-Of-Order` ஆகிய மூன்று பெயர்களில் ஏதாவது ஒன்றைப் பெறும்; நேர இடைவெளியை வைத்து வயர்ஷார்க் ஊகிக்கும் பெயர் அது. தொலைந்தது ஒரு பக்கெட், கறுப்பு வரிகள் இருபது.

அதனால் வரிகளை எண்ணாமல் அவற்றால் எவ்வளவு நேரம் போனது என்று பாருங்கள். `Previous segment not captured` வரியின் நேரத்தை, தொலைந்தது வந்துசேர்ந்த நேரத்திலிருந்து கழியுங்கள். விடுதியில் அது ஒவ்வொரு தடவையும் ஐம்பது, அறுபது மில்லி செக்கன், அதாவது ஒரு போய்வரும் நேரம். அறைப் படங்களை இறக்கும்போது மட்டும் நடந்திருந்தது. சேவுக்கான 5.8 நொடிக்குள் ஒரு கறுப்பு வரியும் இல்லை.

உண்மையில் வலிக்கும் மறு அனுப்பல் வேறு மாதிரி இருக்கும். நம் கணினி அனுப்பிய ஒன்றுக்கு ஒப்புதலே வராமல், அதே பக்கெட் சில நூறு மில்லி செக்கனில் ஒரு தடவை, பிறகு இரண்டு மடங்கு காத்து ஒரு தடவை, பிறகு நான்கு மடங்கு காத்து என்று போகும். இடைவெளி இரட்டிப்பாகிக்கொண்டே போவதுதான் அடையாளம். இதைப் பார்க்க:

```
tcp.analysis.retransmission && ip.src == 192.168.1.23
```

விடுதியின் மேசைக்கும் ரவுட்டருக்கும் இடையில் இரண்டு கொங்கிரீட் சுவர்கள். வைஃபையைச் சந்தேகிப்பது நியாயம்தான். ஆனால் வைஃபை தன் இழப்புகளைத் தன் மட்டத்திலேயே மறுபடி அனுப்பிச் சரிசெய்யப் பார்க்கும், அதைச் சாதாரணப் பதிவு காட்டாது. ஆகவே மோசமான வைஃபை பெரும்பாலும் டிசிபி இழப்பாகத் தெரியாமல், 48ஆக இருக்கவேண்டிய நேரம் 60, 210, 75 என்று தாவுவதாகத் தெரியும். சோதிக்க இலகுவான வழி, ரவுட்டரிலிருந்து நீளக் கேபிள் ஒன்றை இழுத்து மறுபடி சேவ் கொடுத்துப் பார்ப்பது. கேபிளில் கறுப்பு வரிகள் அநேகமாக மறைந்தன. சேவ் அப்போதும் 5.8 நொடி. இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்தபோது முதலாளிக்கும் விளங்கியது, வைஃபையைத் திருத்துவது நல்லது, ஆனால் அதனால் சேவ் வேகமாகாது.

வெட்டு எங்கிருந்து வந்தது

சாப்பாட்டுக்குப் பிறகு இணைப்பு போவது தனிக் கதை. அதற்கு வடிகட்டி:

```
tcp.flags.reset == 1
```

இணைப்பை உடனே வெட்டும் பக்கெட்டுக்குப் பெயர் `RST`. வருகிற எல்லா `RST`உம் நோய் அல்ல. இரு பக்கமும் `FIN` சொல்லி வேலை முடிந்த பிறகு வரும் `RST` பல மென்பொருள்கள் இணைப்பை மூடும் வழக்கம், விட்டுவிடலாம். `SYN` அனுப்பிய உடனேயே `RST, ACK` வந்தால் அந்தத் துறையில், அதாவது அந்த `port` எண்ணில், கேட்டுக்கொண்டிருக்க யாரும் இல்லை, சேர்வரில் மென்பொருள் நின்றிருக்கும். நமக்கு முக்கியமானது, வேலை நடுவில் வரும் `RST`. விடுதியில் மதியம் இது நடந்தது:

```
Time         Source         TTL  Info
2903.410226  192.168.1.23   128  Application Data
2903.412087  203.0.113.40   64   443 → 51822 [RST]
```

முகவரியைப் பார்த்தால் சேர்வர்தான் வெட்டியது. தாளின் மூலையைப் பாருங்கள். அந்தச் சேர்வர் எதைச் சொன்னாலும் நம்மை வந்தடைய 48 மில்லி செக்கன் வேண்டும். இது 2 மில்லி செக்கனுக்குள் வந்துவிட்டது. அதன் டிடிஎல் 49ஆக இருக்கவேண்டும். இது 64, ஒரு ரவுட்டரையும் தாண்டாத எண். சேர்வரின் பெயரில் இதை அனுப்பியது விடுதிக்குள் இருக்கும் ரவுட்டர்.

காரணமும் அதே இணைப்பில் இருக்கிறது. முதல் வரிக்கு முந்தைய பக்கெட் வந்து 41 நிமிடம் ஆகியிருந்தது. ரவுட்டர் ஒவ்வொரு இணைப்பையும் ஓர் அட்டவணையில் வைத்திருக்கும், நெடுநேரம் அசைவில்லாவிட்டால் அழித்துவிடும். இணைந்த டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் அழிக்கக்கூடாது என்று இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5382 சொல்கிறது. அதைவிட மிகக் குறைவாக வைத்திருக்கும் சிறு ரவுட்டர்கள் ஏராளம். இந்த ரவுட்டராவது `RST` அனுப்பிச் சொன்னது. சில ரவுட்டர்கள் ஒன்றும் சொல்லாமல் பக்கெட்டை விழுங்கிவிடும். அப்போது பதிவில் நீங்கள் காண்பது இரட்டிப்பாகும் இடைவெளியோடு மறு அனுப்பல்கள், கடைசியில் நம் கணினியே கைவிடுவது. பார்ப்பதற்கு அப்படியே லைனில் பக்கெட் தொலைவது போல இருக்கும். நீண்ட ஓய்வுக்குப் பின் வரும் முதல் பக்கெட்டில் மட்டும் அது நடக்கிறதா என்று பார்த்தால் வேறுபாடு தெரியும்.

`RST` 48 மில்லி செக்கனுக்குப் பிறகு, டிடிஎல் 49ஓடு வந்திருந்தால் கதை மாறும். வெட்டியது சேர்வர் பக்கம். கேள்வி போய்ச் சரியாக 30 அல்லது 60 நொடியில் வந்தால், அங்கே ஏதோ ஒரு காலக்கெடு முடிந்திருக்கிறது. டிடிஎல் மட்டும் ஒத்துப்போவதை வைத்து உறுதியாகச் சொல்லாதீர்கள், வழியில் நின்று பக்கெட்டுகளில் தலையிடும் சில நடுப்பெட்டிகள் சேர்வரின் டிடிஎல்லையும் நகல் செய்யும். நேரத்தை அப்படி நகல் செய்வது கடினம். 48 மில்லி செக்கன் தூரத்தில் உள்ளவர் இரண்டில் பதில் சொல்ல முடியாது.

கண்டதை யாரிடம் எப்படிச் சொல்வது

மென்பொருள்காரருக்கு "உங்கள் சேர்வர் ஸ்லோ" என்று எழுதினால் பழைய பதிலே வரும். அவர்கள் தங்கள் பதிவேட்டில் தேடக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். `View`, `Time Display Format` என்பதில் `UTC Date and Time of Day` என்று மாற்றினால் நேரம் உலகப் பொது நேரமாகும். நமக்கு ஐந்தரை மணி பின்னால். காலை 10:42:17க்கு அழுத்திய சேவ் அங்கே 05:12:17. இதற்கு முன் கணினியின் கடிகாரம் சரியா என்று பாருங்கள். விடுதியிலிருந்து போன செய்தியின் சாரம் இது:

"05:12:17 உலக நேரத்தில் 203.0.113.40க்கு எங்கள் துறை 51822இலிருந்து ஒரு கேள்வி வந்தது. 48 மில்லி செக்கனில் உங்கள் பக்கம் ஒப்புக்கொண்டது. முதல் பதில் 5.8 நொடி கழித்து வந்தது. இடையில் மறு அனுப்பல் எதுவும் இல்லை. சேவ் செய்யும் ஒவ்வொரு தடவையும் இப்படி, மற்றத் திரைகளில் இல்லை."

பதிவையும் இணைக்க வேண்டுமென்றால் முழுதாக அனுப்பாதீர்கள். அந்த ஒரு இணைப்பை மட்டும் வடிகட்டி, `File`, `Export Specified Packets`, `Displayed` என்று சேமியுங்கள். மறையாக்கம் இல்லாத சேவையாக இருந்தால் விருந்தினரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அப்படியே உள்ளே தெரியும். முதலாளியின் சம்மதம் இல்லாமல் அது விடுதியை விட்டு வெளியே போகக்கூடாது.

அந்த நேரத்தை வைத்துத் தேடியபோது காரணம் அவர்களிடமே கிடைத்தது: ஒவ்வொரு சேவிலும், அறை காலியா என்று பார்க்கப் பழைய பதிவுகள் அனைத்தையும் ஆரம்பத்திலிருந்து துழாவும் ஒரு வினவல். தேடலை வேகமாக்கும் சுட்டெண்ணை அதற்காகத் தரவுத்தளத்தில் போட்ட பிறகு அதே வடிகட்டியைக் கொடுத்தால் சேர்வர் பக்கத்திலிருந்து ஒரு வரியும் வரவில்லை.

மதிய வெட்டுக்கு மென்பொருள்காரர் தேவைப்படவில்லை. ரவுட்டரின் அமைப்பில் டிசிபி ஓய்வு நேரத்தைக் கூட்டினால் போதும். ரவுட்டர் அதற்கு இடம் தராவிட்டால் மென்பொருளில் கீப்அலைவ் போடச் சொல்லலாம், ஓய்வாக இருக்கும் இணைப்பில் இடையிடையே சிறு பக்கெட் அனுப்பி அதை உயிரோடு வைத்திருக்கும் வசதி அது. ஆனால் விண்டோஸிலும் லினக்ஸிலும் அதன் வழக்கமான இடைவெளி 2 மணி நேரம், 41 நிமிட ஓய்வைக்கூடத் தாங்காத ரவுட்டருக்கு அது எட்டாது. பத்து நிமிடத்துக்குக் குறைத்து வைக்கும்படி தெளிவாக எழுதுங்கள்.